சுவர் காய்ந்த கணக்கையும் எழுதி வையுங்கள்

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது, இழப்பு எவ்வளவு என்பதில் வரும் தகராறைவிட, அது எப்போது நடந்தது என்பதில் வரும் தகராறுதான் பெரிது. சுவருக்குள் போகும் குழாய் ஒரே இரவில் உடைந்ததா, ஆறு மாதமாகக் கசிந்துகொண்டிருந்ததா? பார்வையிட வரும் சர்வேயர் முதலில் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான். அவர் வந்து நிற்கும் நேரத்தில் தரையைத் துடைத்திருப்பார்கள், மெத்தையை மாடியில் காயப்போட்டிருப்பார்கள், குழாயையும் மாற்றியிருப்பார்கள். மிஞ்சியிருப்பது ஈரச்சுவர் மட்டும். ஈரச்சுவரைப் பார்த்த மாத்திரத்தில் அதன் வயதைச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கேள்விக்குப் பணமதிப்பு உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் விற்கவேண்டிய பொது வடிவ வீட்டுப் பாலிசி, ‘பாரத் கிரஹ ரக்ஷா’. புயல், வெள்ளத்தோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவதால் வரும் சேதத்தையும் அது ஏற்கிறது. ஆனால் நாள்பட்ட தேய்மானத்தால் மெல்ல மெல்ல வருவது அதில் அடங்காது. ஒரே சுவர், ஒரே ஈரம். காரணம் எந்தப் பக்கம் விழுகிறதோ அதைப் பொறுத்துப் பணம் கிடைக்கும் அல்லது கிடைக்காது. திடீரென்று நடந்தது என்று காட்ட நம்மிடம் இரண்டு சான்றுகள் இருக்கலாம். ஒன்று, முதல் நாளே எடுத்த படங்கள். இன்னொன்று, அடுத்த சில வாரங்களுக்குச் சுவரின் ஈரத்தை அளந்து எழுதிய குறிப்பு.

முதல் நாள் படங்கள்

படம் எடுக்கும் முன் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்றே பாலிசிகள் சொல்கின்றன. ஆகவே, படத்துக்காகத் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்லிவிடுங்கள்.

படங்கள் தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வரவேண்டும். அறையின் நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம், பிறகு சேதமான சுவர் முழுவதும் தெரிய ஒரு படம், அதன் பிறகுதான் அருகிலிருந்து. முழுச்சுவர்ப் படம் இல்லாமல் கிட்டப்படம் மட்டும் இருந்தால், அது எந்த வீட்டு எந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியாது. கிட்டப்படத்தில் ஓர் அளவு நாடாவைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, தரையிலிருந்து ஈரக்கோடு எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்பது படத்திலேயே தெரியும்படி எடுங்கள்.

இந்தப் படங்களின் உண்மையான பலம், அவற்றில் என்ன இல்லை என்பதில் இருக்கிறது. நாள்பட்ட ஓதத்துக்குத் தனி அடையாளங்கள் உண்டு. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள் தெரியும். பூசணம் கரும்புள்ளிகளாகப் படர்ந்திருக்கும். அலமாரிக் கீல்களில் துரு ஏறியிருக்கும். நேற்றிரவு உடைந்த குழாயால் இவற்றில் எதுவும் இன்று காலைக்குள் வராது. ஆகவே உப்போ வளையமோ பூசணமோ இல்லாத ஈரச்சுவரின் முதல் நாள் படம், இது புதிய ஈரம் என்பதற்குச் சாட்சி. ஒரு வாரம் கழித்து எடுத்தால் இதே சுவரில் பூசணம் வந்திருக்கும், சாட்சி கைநழுவியிருக்கும். மூடிக்கிடந்த சோபாவுக்குப் பின்புறம், அலமாரியின் அடிப்பலகை, கட்டிலுக்குக் கீழே எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பெயின்ட் கொப்புளங்கள் நிழலோடு எழுந்து தெரியும்.

உடைந்த குழாயை பிளம்பர் வெட்டும் முன் ஒரு படம், சுவரை உடைத்த பின் ஒரு படம். வெட்டி எடுத்த துண்டைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். குழாய் பழுதுபார்க்கும் செலவு கிடைக்காமல் போகலாம். ஆனால் எதனால் தண்ணீர் வந்தது என்பதற்கு அந்தத் துண்டைப் போன்ற ஆதாரம் வேறில்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் தேதி, நேரம் முதலிய விவரங்கள் அழிந்துவிடும். மூலப்படம் போனிலேயே இருக்கட்டும். அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்ற வகையில் அனுப்புங்கள். வெட்டுவதும் வெளிச்சம் கூட்டுவதும் வேண்டாம்.

ஈரத்தை அளப்பது

ஊசி வைத்த ஈரமானிகள் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக்கூடக் கிடைக்கின்றன. இரண்டு ஊசிகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்பவை இவை. இவற்றின் அளவுகோல் மரத்துக்காக வகுக்கப்பட்டது. மரத்தில் 15 என்று காட்டினால், ஏறக்குறைய 15 சதவீத ஈரம் என்று கொள்ளலாம். சிமென்ட் பூச்சில் அதே எண்ணுக்குச் சதவீதம் என்ற பொருள் கிடையாது. கூடுகிறதா, குறைகிறதா என்று ஒப்பிடத்தான் அது உதவும்.

அதனால் எந்த எண்ணும் தனியாக நின்றால் பயனில்லை. அதே பொருளால் ஆன, தண்ணீர் படாத ஓர் இடத்தையும் சேர்த்து அளக்கவேண்டும். எதிர்ச்சுவர் பூச்சு ஓர் ஒப்பீடு. அடுத்த அறை அலமாரியின் பலகை இன்னொன்று. நனைந்த இடத்தின் எண் இந்தக் காய்ந்த எண்ணை நோக்கி இறங்குகிறதா என்பதே கேள்வி.

அளக்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு எண் கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே கருவியால், அதே வட்டத்துக்குள் அளக்கவேண்டும். நோட்டில் தேதி, நேரம், இட எண், பொருள், அளவு, அறையின் காற்று ஈரப்பதம், அன்று ஓடியது மின்விசிறியா ஏசியா என்று எழுதினால் போதும். ஊசி சுவரில் இருக்கும்போதே திரையில் எண் தெரிய ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படுக்கையறையின் இரண்டு வாரம்

விளக்கத்துக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள சுவருக்குள் குழாயின் முழங்கை இணைப்பு இரவில் உடைகிறது. காலையில் படுக்கையறைத் தரை முழுக்கத் தண்ணீர். ஒட்டுப்பலகை அலமாரியின் அடிப்பாகம் அதில் நிற்கிறது.

சுவரில் தரையிலிருந்து 15, 60, 120 சென்டிமீட்டர் உயரங்களில் மூன்று வட்டங்கள். அலமாரி அடியில் ஒன்று. காய்ந்த சுவரிலும் காய்ந்த பலகையிலும் ஒவ்வொன்று. காய்ந்த சுவர் 18 காட்டுகிறது, காய்ந்த பலகை 12.

முதல் நாள் 15 சென்டிமீட்டர் உயரத்தில் 96, 60-இல் 81, 120-இல் 22. நான்காம் நாள் அவை 90, 60, 21. எட்டாம் நாள் 74, 38, 20. பதினான்காம் நாள் 52, 24, 19. அலமாரிப் பலகை 38-இல் தொடங்கி 27, 19, 15 என்று இறங்கியிருக்கிறது.

இந்த எண்கள் இரண்டு செய்தி சொல்கின்றன. முதலாவது, எல்லா இடமும் இறங்குகிறது, திரும்ப ஏறவில்லை. தண்ணீர் ஒரு முறை வந்தது, நின்றுவிட்டது. தொடர்ந்து கசியும் சுவர் இப்படி இறங்காது. மின்விசிறி எவ்வளவு ஓடினாலும் 90-க்கும் 95-க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, 120 சென்டிமீட்டரில் ஈரம் ஏறக்குறைய எட்டவே இல்லை. எனவே எந்த உயரம் வரை பூச்சை உரித்துப் பூசவேண்டும் என்ற மதிப்பீட்டுக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. நிறுவனம் அதைக் குறைத்துச் சொன்னாலும், ஒப்பந்தக்காரர் கூட்டிச் சொன்னாலும் இந்த எண் நடுவில் நிற்கும்.

நடுவில் பத்தாம் நாள் ஒரு சறுக்கல். அலமாரிப் பலகை 19-லிருந்து 20-க்கு ஏறியது. நோட்டைப் பார்த்தால் அன்று மழை, காற்று ஈரப்பதம் அதிகம். காய்ந்த பலகையும் 12-லிருந்து 14-க்கு ஏறியிருக்கிறது. ஏறியது ஊரெல்லாம் பரவிய ஈரம் என்பது அந்த ஒப்பீட்டு எண்ணால் தெளிந்தது. அது இல்லாமல் இருந்தால், அந்த ஒரு நாள் ஏற்றமே ‘இன்னும் கசிகிறது’ என்ற வாதத்துக்கு இடம் கொடுத்திருக்கும்.

எண் சொல்லாதவை

பலகை 15-க்கு இறங்கிவிட்டதே, அலமாரி தப்பித்ததா? இல்லை. 18 மில்லிமீட்டர் பலகை ஊறி 22 ஆகியிருக்கிறது, காய்ந்த பிறகும் 21-லேயே நிற்கிறது. மேலே ஒட்டிய லாமினேட் விளிம்பில் பிளந்து, கதவு மூட மறுக்கிறது. ஈரம் போய்விட்டது, சேதம் போகவில்லை. ஈரக்குறிப்பை மட்டும் கொடுத்தால், ‘காய்ந்துவிட்டதே’ என்று அலமாரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். வெர்னியரைப் பலகை விளிம்பில் வைத்து எடுத்த படமும், பக்கத்திலேயே நனையாத பலகையை அதே கருவியில் வைத்து எடுத்த படமும் அங்கே பேசும்.

சுவரும் ஏமாற்றும். உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும். உப்புப் பூத்த பூச்சில் ஈரமில்லாவிட்டாலும் ஊசிமானி உயர்ந்த எண் காட்டும். பூச்சுக்குள் கம்பியோ மின்குழாயோ இருந்தாலும் சிலவகைக் கருவிகள் தடுமாறும். ஊசியோ மேற்பரப்பின் சில மில்லிமீட்டரைத்தான் தொடுகிறது. பூச்சு காய்ந்தபின்னும் உள்ளே செங்கல் மாதக்கணக்கில் ஈரமாக இருக்கலாம். பதினான்காம் நாள் 24 வந்துவிட்டது என்று பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால், அடுத்த மாதம் கொப்புளம் கிளம்பும். அதை யாரும் பழைய சேதம் என்று ஏற்கமாட்டார்கள். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் மூடிப் பூசவே கூடாது.

அளக்க மறந்த நாளை ‘அளக்கவில்லை’ என்றே எழுதுங்கள். தவறான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். எல்லா நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒழுங்காக இறங்கும் எண்களோடு இருக்கும் நோட்டு, ஒரே இரவில் உட்கார்ந்து எழுதியதுபோல் தோன்றும்.

இதையெல்லாம் சேர்த்துச் சர்வேயருக்கு ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமோ மின்னஞ்சல் பதிலோ வாங்கிவையுங்கள். நிறுவனம் ‘நாள்பட்ட கசிவு’ என்று மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் தீராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அவர் உடைந்த குழாயை நேரில் பார்க்கப்போவதில்லை. அவர் மேசைக்கு வருவது காகிதங்கள் மட்டும்.

இரண்டு வாரம் அளந்தும் எண் இறங்கவே இல்லை என்றால், அதையும் நம்புங்கள். சுவருக்குள் இன்னொரு இணைப்பு கசிகிறது, அல்லது தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. அந்த நோட்டு இன்சூரன்ஸ் பணத்தை வாங்கித் தராமல் போகலாம். ஆனால் கசிவை விட்டுவிட்டுச் சுவரைப் பூசும் வீண்செலவிலிருந்து காப்பாற்றும்; பிளம்பரை எந்த உயரத்தில் உடைக்கச் சொல்லவேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும்.