முதலில் மீட்டரைப் பாருங்கள், பிறகு மாடிக்கு ஏறலாம்

திருச்சி உறையூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு ஒரு வைகாசி மாதம் போயிருந்தேன். சாப்பாட்டு மேசைமேல் சோலார் கம்பெனி கொடுத்த கொட்டேஷன் இருந்தது. 4 கிலோவாட் பேனல் போட்டால் கரண்ட் பில்லே வராது என்று எழுதியிருந்தார்கள்.

"தம்பி, இதுக்கு நானூறு சதுர அடி வேணுமாம். நம்ம மாடியில நிழல் விழாத இடம் இருநூறு, இருநூத்திப் பத்து அடிதான் தேறும். உயரமா இரும்புச் சட்டம் அடிச்சு அதுமேல வச்சிடலாம்ங்கிறாங்க. அதுக்குத் தனியா பணம்" என்றாள் அக்கா.

கொட்டேஷன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வந்த ஆறு ரசீதுகளையும் கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,500 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மழை, மேகம், தூசி எல்லாம் கழித்து ஆண்டுக்கு 1,450 யூனிட் என்று வைக்கலாம். 5,500ஐ அதனால் வகுத்தால் 3.8. ஆகவே 4 கிலோவாட். அவர்கள் கேட்காமல் விட்டது ஒன்றுதான்: அந்த 5,500 யூனிட்டும் இந்த வீட்டுக்குத் தேவைதானா?

ஓர் ஆண்டில் எடுக்கும் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வீட்டை 'நெட் ஜீரோ' வீடு என்கிறோம். பகலில் மிஞ்சுவதை மின்வாரியக் கம்பிக்குக் கொடுக்கும், இரவில் அங்கிருந்து வாங்கும். ஆண்டு முடிவில் கொடுத்ததும் வாங்கியதும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமத்தை எட்ட இரண்டு வழி உண்டு. பேனலைக் கூட்டலாம், செலவைக் குறைக்கலாம். செலவை முதலில் குறைத்தால்தான் எத்தனை பேனல் வேண்டும் என்பதே தெரியும்.

இரவில் ஒரு சோதனை

அன்று இரவு எல்லோரும் படுக்கப் போகும் நேரத்தில் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜின் பிளக்கையும் கழற்றினோம். மற்றவை எப்போதும் இருப்பதுபோலவே இருந்தன. பிறகு டார்ச்சோடு மீட்டர் பெட்டி முன் போய் நின்றோம்.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அக்கா வீட்டு மீட்டரில் அது 3200. அந்த விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். எல்லாம் அணைந்து கிடக்கும் வீட்டில் அது மின்னவே கூடாது. ஆனால் மின்னியது. மொபைலில் நேரம் பார்த்தோம். சரியாக 15 விநாடிக்கு ஒரு தடவை.

ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. 15 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 240 மின்னல். 240ஐ 3,200ஆல் வகுத்தால் 0.075 யூனிட், அதாவது 75 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத வீட்டில் ஒரு ஃபேன் இரவு பகலாக ஓடுவதற்குச் சமம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 650 யூனிட்.

ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மறுபடி எண்ணினோம். பத்து வருடப் பழைய யுபிஎஸ்தான் பெரும் பங்கை இழுத்தது. அதன் பேட்டரி தேய்ந்துபோயிருந்ததால் சார்ஜ் நிறையாமலே ஏறிக்கொண்டிருந்தது. அடுத்தது செட்டாப் பாக்ஸ்; ரிமோட்டில் அணைத்தாலும் அது தூங்குவதில்லை. பேட்டரியை மாற்றி, டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் சேர்த்து ஒரு சுவிட்ச் வைத்த பிறகு 75 வாட் 25க்கு இறங்கியது.

யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள்?

மறுநாள் பிளக் வாட் மீட்டரைக் கொண்டு ஒவ்வொரு சாதனமாக அளந்தேன். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகினால் எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும் சின்னக் கருவி அது. ஆண்டுக் கணக்கு இப்படி வந்தது: படுக்கையறையில் இருக்கும் ஒன்றரை டன் பழைய ஏசி 1,850 யூனிட், ஐந்து ஃபேன்கள் 1,100, பழைய ஃப்ரிட்ஜ் 730, சும்மா ஓடிய 650. விளக்கு, மோட்டார், கீசர், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், டிவி எல்லாம் சேர்ந்தே 1,150தான்.

ஃபேன் இரண்டாம் இடத்தில் இருந்ததை அக்கா நம்பவில்லை. பழைய ஃபேன் ஒன்று 75 வாட்தான் எடுக்கும். ஆனால் ஐந்து ஃபேன்கள் ஆண்டு முழுவதும், நாளுக்கு மொத்தம் 40 மணி நேரம் ஓடுகின்றன. அந்தக் காற்றையே புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் தருகிறது. மாற்றினால் 1,100 யூனிட் 440 ஆகிறது. இந்த ஃபேனைப் பழைய சுவர் ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது, கெட்டுப்போகும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேராக இணைக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் இடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தோம். தடையில்லாமல் வந்துவிட்டது. குளிர் அந்த வழியாகவும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு வயது 14. மாற்ற வேண்டிய நேரம்தான். புதிதாக வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், அதே முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட்டையும் பார்க்கச் சொன்னேன். 250 யூனிட் போட்டிருந்ததை வாங்கினார்கள்.

ஏசிக்கு முன்னால் கூரை

ஏசியை மாற்றுவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, படுக்கையறைச் சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் ஆறும்போது இருக்கும் சூடு. நாளெல்லாம் வெயிலில் வெந்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவெல்லாம் அறைக்குள் இறக்கும். ஏசி தள்ளி வெளியேற்றுவது பெரும்பாலும் அந்தச் சூட்டைத்தான். இப்படிப்பட்ட அறைக்கு ஐந்து நட்சத்திர ஏசி வாங்கினாலும் அதுவும் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டும்.

ஆகவே முதலில் மொட்டை மாடியைக் கழுவி, விரிசல்களை அடைத்து, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைக் கூலிங் பெயிண்ட்டை இரண்டு கோட் அடித்தோம். சுண்ணாம்பும் அதே வேலையைச் செய்யும், செலவும் குறைவு. ஆனால் ஐப்பசி மழையில் கரைந்துவிடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். பெயிண்ட்டிலும் தூசி படிந்து பழுப்பேறினால் பலன் குறையும், பங்குனி பிறக்கும் முன் ஒருமுறை கழுவிவிட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். திரைச்சீலை உள்ளே இருப்பதால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைத் தடுக்கும். தட்டியோ வெளியிலேயே நிறுத்திவிடும்.

அறை குளிர்ந்த பிறகுதான் ஏசியைப் பற்றிப் பேசினோம். ஒன்றரை டன் தேவைப்படவில்லை, ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியே போதுமானதாக இருந்தது. ஃபேனை மெதுவாக ஓடவிட்டு ஏசியை 26இல் வைத்தால், 22இல் வைத்த பழைய நாள்களைப் போலவே நிம்மதியாகத் தூங்க முடிகிறது. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏசி செலவு ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். இவை எல்லாம் சேர்ந்து 1,850 யூனிட்டை 750 ஆக்கின.

இப்போது பேனல்

மீதியிருந்த குழல் விளக்குகளை எல்இடி ஆக்கி, கீசரைக் குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு மட்டும் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம். புதுக் கணக்கு 2,500 யூனிட்டில் நின்றது. அதை 1,450ஆல் வகுத்தால் 1.7. 2 கிலோவாட் போட்டால் ஆண்டுக்கு 2,900 யூனிட் வரும். தூசிக்கும், பேனலுக்கு வயதாவதற்கும், விருந்தாளிகள் வரும் நாள்களுக்கும் அந்த மிச்சம் போதும். இடம் 200 சதுர அடி. உயரச் சட்டம் தேவைப்படவில்லை.

இடத்தைக் குறிக்கும் முன் தண்ணீர் டேங்க்கின் நிழலைப் பார்த்தோம். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் மார்கழியில் நண்பகல் நிழல் வடக்கே விழும், ஆனியில் அதே நிழல் தெற்கே விழும். ஒருநாள் மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். வழக்கமாக ஒரே கம்பியில் தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் பாதிக்கப்படும்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் என்பதால், மானியத்துக்காகவே பெரிதாகப் போடச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் நாம் மிச்சமாகக் கொடுக்கும் யூனிட்டுக்கு, நாம் வாங்கும் விலை கிடைக்காது. தேவைக்கு மேல் பேனல் போடுவதால் வீட்டுக்காரருக்குப் பெரிய ஆதாயம் இல்லை.

செலவைக் குறைத்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் வேறு விலைப் பட்டியல் வந்துவிடும். முன்பு சராசரியாக 900 யூனிட் ஓடிய வீட்டில், பேனல் ஏறும் முன்பே அது 420க்கு வந்துவிட்டது.

தெரிந்துகொண்டு போட வேண்டியவை

பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் நட்டநடுப் பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன்மேல் நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்கிறது. மின்தடைக்கு யுபிஎஸ் தனியாக வேண்டும்.

சித்திரை வெயிலில் உற்பத்தி கொட்டும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பேனல் சூடேறினால் அதன் திறன் குறையும். கண்ணாடிக்கு அடியில் 60 டிகிரியைத் தாண்டும் மதியத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இழப்பு இருக்கும். நல்ல வெயில் நாளில் 2 கிலோவாட்டுக்கு 8 யூனிட்டுக்குப் பதில் 5 யூனிட்தான் வருகிறது என்றால் தூசியையும் புதிதாக முளைத்த நிழலையும் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், தெருவில் மின்னழுத்தம் ஏறும்போது இன்வெர்ட்டர் இடையிடையே நிற்கிறதா என்று அதன் திரையில் பார்க்க வேண்டும்.

கணக்கை அதிகமாகக் கெடுப்பது 'சோலார் இருக்கே' என்ற எண்ணம்தான். அத்தான் ஹாலுக்கும் ஓர் ஏசி வாங்கலாம் என்றார். அக்கா மறுக்கவில்லை, மீட்டர் நோட்டை எடுத்து, அது ஆண்டுக்கு எத்தனை யூனிட், எத்தனை சதுர அடி பேனல் என்று எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதிப் பார்த்தபோது மாடியில் இடம் இல்லை. ஹாலின் மேற்கு ஜன்னலுக்கும் ஒரு தட்டி வாங்கினார்கள்.

முதல் ஆண்டு முடிவில் நெட் மீட்டரும் இன்வெர்ட்டரும் காட்டிய கணக்கு இது: வீட்டுச் செலவு 2,640 யூனிட், பேனல் தந்தது 2,810. ஏசி ஓடிய கோடையிலும், மேகம் மூடிய கார்த்திகையிலும் கம்பியிலிருந்து அதிகம் வாங்கினார்கள். தை, மாசியில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதும் மாதம் ஒருமுறை படுக்கும் முன் அக்கா டார்ச்சோடு மீட்டர் முன் போய் நிற்கிறாள். சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி மறுமுறை மின்ன 45 விநாடி ஆகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறாள்.