பென்சிலோடு நிறுத்திக்கொள்வது
(சிவப்புப் பேனா – தொடர்)

லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர், கொல்கத்தாவுக்கே வேலைக்கு வந்து இங்கேயே ஓய்வு பெற்றவர், 220 பக்கச் சுயசரிதையோடு வீட்டுக்கு வந்தார். “பெரிசா ஒண்ணுமில்ல சார், பாஷையை மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுத்துடுங்கோ” என்றார். எனக்கு இந்த ‘கொஞ்சம்’ பழக்கம். முதல் இரண்டு பக்கத்தை அவர் எதிரிலேயே எடுத்துக்கொள்ளாமல், இரவில் தனியாகத் திருத்திப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. முடித்தபோது அவருடைய வாக்கியமாக அதில் நின்றவை நான்கு. இந்தக் கணக்கில் மொத்தப் புத்தகத்துக்கு 330 மணி நேரம். நேரம்கூடப் பரவாயில்லை. அந்தப் பக்கங்களில் பேசுகிறவர் யார் என்பதுதான் சங்கடம்.

இதே ஊர்க்காரர் ஒருவர் விஷயத்தில் இந்தச் சங்கடம் உலகறிய நடந்திருக்கிறது. 1912-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேற இருந்த தாகூர் கொல்கத்தாவில் உடல்நலம் குன்றிப் பயணத்தைத் தள்ளிவைத்தார். ஷிலைதஹாவில் ஓய்வெடுத்தபோது தன் வங்கக் கவிதைகளைத் தானே ஆங்கிலமாக்க ஆரம்பித்தார். அந்த நோட்டு லண்டனில் ஓவியர் ரோதென்ஸ்டீன் வழியாகக் கவிஞர் யேட்ஸ் கைக்குப் போனது. யேட்ஸ் சொக்கிப்போனார், பென்சிலை எடுத்தார், முன்னுரையும் எழுதினார். ‘கீதாஞ்சலி’ அந்த ஆண்டே வந்தது. அடுத்த ஆண்டு நோபல்.

யேட்ஸ் என்ன செய்தார் என்பதில்தான் வேடிக்கை. நாள்களைக் கூட்டினால் சில வாரங்கள் உழைத்ததாகவும், வரி வரியாக வெட்டியதாகவும் அவரே பிறகு எழுதினார். ரோதென்ஸ்டீனிடம் இருந்த கையெழுத்துப் பிரதி இன்று ஹார்வர்டில் இருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டவை பெரும்பாலும் சின்னத் திருத்தங்கள். வதந்தியோ, புத்தகமே யேட்ஸ் எழுதியதுதான் என்றது. டைம்ஸ் பத்திரிகையில் இருந்த வாலண்டைன் சிரோல் அப்படிப் பேசியதாகக் கேள்விப்பட்டு, 1915-ல் தாகூர் ரோதென்ஸ்டீனிடம் கடிதத்தில் நொந்துகொண்டார். நன்றி சொல்லி ஒரு வரி போட்டிருந்தால் அளவு தெரிந்திருக்கும். போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரே யேட்ஸ்தான். போட்டால் எதிரிகள் அதை ஊதிப் பெரிதாக்குவார்கள் என்று நினைத்தார். போடாததால் எவரும் எந்த அளவையும் சொல்லலாம் என்றாயிற்று.

அந்த நேரம் பார்த்து ராபர்ட் பிரிட்ஜஸ், பிரிட்டனின் அரசவைக் கவி, தன் தொகுப்புக்காகக் கீதாஞ்சலிக் கவிதை ஒன்றைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டார். தாகூர் தயங்கினார். சூடு பட்டவர், இன்னொருவர் பேனா படிந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் இணங்கினார் என்பது வேறு கதை.

யேட்ஸும் ஒரு கட்டத்தில் கையை எடுத்தார். ஆனால் எப்படி? 1916-ல் வந்த தாகூரின் ‘ஃப்ரூட் கேதரிங்’ அவருக்குப் பிடிக்கவில்லை. 1917 ஜனவரியில் பதிப்பாளர் மெக்மில்லனுக்கு எழுதினார்: முன்பெல்லாம் நான் எவ்வளவு திருத்தினேன் என்று உங்களுக்குத் தெரியாது, இப்போது திருத்த வேண்டியது அளவுக்கு மீறி இருப்பதால் சாதாரண அச்சுப்பிழைத் திருத்தத்தோடு விட்டுவிடுகிறேன், இந்தப் பிற்காலப் புத்தகங்கள் அவர் பெயரைக் கெடுக்கின்றன. சாரம் இதுதான். கறாரான மறுப்பு, போய்ச் சேர்ந்ததோ பதிப்பாளருக்கு. பேனாவை இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில் ரகசியம், தளர்த்தியபோதும் ரகசியம். யேட்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அவரை மன்னிக்க மனம் வருவதில்லை. 1935-ல் ரோதென்ஸ்டீனுக்கு எழுதிய கடிதத்தில் தாகூரைச் சபித்தே விட்டார். முதல் மூன்று புத்தகத்தை நன்றாகக் கொண்டுவந்தது தானும் கவிஞர் ஸ்டர்ஜ் மூரும்தான் என்ற கணக்கு அப்போதும் மனத்தில் இருந்திருக்கிறது.

பெரியவரை மறுநாளே கூப்பிட்டேன். திருத்திய இரண்டு பக்கத்தைக் காட்டவில்லை. காட்டினால் மீதியும் இப்படியே வேண்டும் என்பார். “இதை நான் திருத்தினா உங்க புஸ்தகமா இருக்காது, மாமா. என்னால ஆகாது” என்றேன். நேரமில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் பூஜை லீவுக்குப் பிறகு வந்து நிற்பார். திருத்துவதற்குப் பதில், பத்துப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன்: ‘ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் யார் வந்திருந்தார்கள்?’ ‘முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?’ ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

முகம் சுண்டித்தான் போனார். இரண்டு மாதம் மார்க்கெட்டில் பார்த்தும் பார்க்காதவர் போலக் கீரைக்காரரிடம் பேரம் பேசினார். போன வாரம் அவரே வந்து நிறுத்தினார்.

“அந்தப் பென்சில்ல எழுதின பத்துப் பக்கம்... எங்கயோ வெச்சுத் தொலைச்சுட்டேன். ஜெராக்ஸ் ஏதாவது இருக்கா?”