முதல் வாரத்தில் கரைவது எது?

உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் ஆற்றலில் பாதியைக்கூடத் தராத உணவில் சில நாட்களோ சில வாரங்களோ இருப்பதைத்தான் கிராஷ் டயட் என்கிறார்கள். பழம் மட்டும், ஜூஸ் மட்டும், சோறும் சப்பாத்தியும் அறவே இல்லாமல், நாளுக்கு ஒரு வேளை மட்டும் என்று இதற்குப் பல வடிவங்கள் உண்டு. எதை எடுத்துக்கொண்டாலும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குகிறது. அடுத்தடுத்த வாரங்களில் அந்த வேகம் காணாமல் போகிறது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் இறங்கிய எடை ஏறிவிடுகிறது. தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். அது நியாயமே இல்லை. இறங்கிய எடை எதனால் ஆனது என்று பார்த்தால், அது ஏன் ஏறுகிறது என்பதும் புரிந்துவிடும்.

சாப்பிட்ட மாவுச்சத்தில் உடனே செலவாகாத பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். ஆளின் உடல்வாகைப் பொறுத்து இது கூடும், குறையும். இந்தக் கிளைக்கோஜன் தனியாக இருப்பதில்லை. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாடு சட்டென்று குறையும்போது உடல் முதலில் கை வைப்பது இந்தச் சேமிப்பில்தான். கிளைக்கோஜன் செலவாகும்போது அது பிடித்து வைத்திருந்த தண்ணீர் விடுபட்டுச் சிறுநீராக வெளியேறுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் அளவு இறங்கும். சர்க்கரையைக் கையாள்வது மட்டுமல்ல, உப்பிலுள்ள சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுவதும் இன்சுலினின் வேலைதான். அந்தத் தூண்டுதல் குறைந்ததும் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடுகிறது. சோடியம் போகும் வழியில் தண்ணீரும் போகிறது. டயட் தொடங்கிய இரண்டு மூன்று நாட்கள் அடிக்கடி சிறுநீர் வருவதும், உட்கார்ந்து எழும்போது தலை சுற்றுவதும், மோதிரம் தளர்வதும் இதனால்தான். கொழுப்பு கரைகிறது என்று அந்த நேரத்தில் மகிழ்பவர்கள் உண்மையில் பார்ப்பது நீர் இழப்பை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 70 கிலோ எடையுள்ள ஒரு பெண் நாளுக்கு 1,900 கலோரி செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 700 கலோரி மட்டும் சாப்பிட்டால் நாளுக்கு 1,200 கலோரி பற்றாக்குறை. ஏழு நாளில் 8,400 கலோரி. உடலில் ஒரு கிலோ கொழுப்புத் திசு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆக, பற்றாக்குறை முழுவதையும் கொழுப்பே ஈடுகட்டினால்கூட அந்த வாரத்தில் கரையக்கூடியது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் எடைக் கருவி மூன்றரை கிலோ குறைந்திருப்பதாகக் காட்டுகிறது. மீதி எங்கிருந்து போனது? 350 கிராம் கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும் சேர்ந்து 1.4 கிலோ. உப்போடு போன தண்ணீரும், குடலில் வழக்கமாக இருக்கும் உணவு குறைந்ததும் சேர்ந்து 0.8 கிலோ. தசை போன்ற புரதத் திசு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கிளைக்கோஜனும் புரதமும் பற்றாக்குறையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டதால், உண்மையில் கரைந்த கொழுப்பு 850 கிராம் அளவில் நின்றுவிடுகிறது. அதாவது போன எடையில் நான்கில் ஒரு பங்கு. இவை உதாரணக் கணக்குகள்தான். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அடிப்படை இதுவே.

அமெரிக்காவில் யாங், வான் இட்டாலி என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக அளந்தது. உடல் பருமன் உள்ள ஆறு பேரை 10 நாட்கள் 800 கலோரி கலப்பு உணவிலும், 10 நாட்கள் அதே 800 கலோரி கொண்ட, மாவுச்சத்து மிகக் குறைந்த உணவிலும் வைத்துப் பார்த்தார்கள். கலப்பு உணவில் நாளுக்குச் சராசரியாக 278 கிராம் எடை குறைந்தது. மாவுச்சத்தைக் குறைத்தபோது 467 கிராம் குறைந்தது. எடைக் கருவியை மட்டும் நம்பினால் இரண்டாவது உணவு பெரிய வெற்றி. ஆனால் கரைந்த கொழுப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நாளுக்கு 165 கிராம் அளவு. கூடுதலாகக் குறைந்தது கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர். விளம்பரங்களில் வரும் ‘ஏழே நாளில் ஐந்து கிலோ’ என்ற வாக்குறுதி இந்தத் தண்ணீரை நம்பித்தான் கொடுக்கப்படுகிறது.

போன தண்ணீர் திரும்பி வருவதற்கும் அதே வழிதான். டயட்டை முடித்துவிட்டு இரண்டு நாள் இட்லி, சாம்பார், சோறு, ஊறுகாய் என்று சாப்பிட்டால் கிளைக்கோஜன் நிரம்பத் தொடங்கும்; அதனுடன் தண்ணீரும் வரும். இன்சுலின் உயர்ந்ததும் சிறுநீரகம் சோடியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓரிரு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறுவது சாதாரணம். ஒரு கிலோ கொழுப்பு புதிதாகச் சேர, செலவுக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் வீட்டுச் சாப்பாட்டில் அது நடக்காது. இதை அறியாமல் மனம் உடைந்து, ‘இனி என்ன ஆனால் என்ன’ என்று கட்டுப்பாட்டையே கைவிடுபவர்கள் ஏராளம். உண்மையான கொழுப்பு சேர்வது பெரும்பாலும் அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தண்ணீர் போய் வருவதால் பெரிய நஷ்டம் இல்லை. தசை அப்படியல்ல. மூளைக்கு நாளுக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலின் சேமிப்பு தீர்ந்த பிறகு, உணவிலும் மாவுச்சத்து போதாதபோது, கல்லீரலே குளுக்கோஸைத் தயாரித்தாக வேண்டும். கொழுப்பின் பெரும்பகுதியைக் குளுக்கோஸாக மாற்ற மனித உடலுக்கு வழியில்லை. புரதத்தின் அமினோ அமிலங்களை மாற்ற முடியும். உணவில் புரதம் போதவில்லை என்றால் அவை தசையிலிருந்து வரும். நாட்கள் செல்லச் செல்ல மூளை, கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களைப் பயன்படுத்தப் பழகிக்கொள்வதால் இந்த இழப்பு குறையும். ஆகவே தசை அதிகம் கரைவது பட்டினியின் தொடக்க நாட்களில். பெரும்பாலான கிராஷ் டயட்கள் நடப்பதும் அந்த நாட்களில்தான். இங்கே பலரும் பின்பற்றும் ஏழு நாள் ‘ஜிஎம் டயட்’டில் முதல் மூன்று நாட்களும் பழமும் காய்கறியும் மட்டும். தர்பூசணியும் பப்பாளியும் வெள்ளரிக்காயும் வயிற்றை நிரப்பும். புரதம் அவற்றில் பெயரளவுக்குத்தான்.

தசை குறைந்தால் உடல் எரிக்கும் கலோரியும் குறைந்துவிடும், அதனால்தான் எடை ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இதில் உண்மை பாதிதான். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளுக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. மூன்று கிலோ தசை போனாலும் 40 கலோரி. ஒரு சிறிய இட்லியின் அளவு. கலோரிச் செலவு இதைவிட அதிகமாகக் குறைகிறது என்றால், அதற்குக் காரணம் உடல் தன்னையே சிக்கனமாக்கிக்கொள்வது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் இறங்குகிறது, தைராய்டு ஹார்மோனின் வீரியம் தணிகிறது, ஆள் தன்னையறியாமல் குறைவாக நடமாடுகிறார். தசை இழப்பின் பெரிய விளைவு வேறிடத்தில் இருக்கிறது: பசியில்.

அதைக் காட்டியது இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய பட்டினி ஆய்வு. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து இதில் சேர்ந்தார்கள். 24 வாரங்கள் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மாக்கரோனி போன்ற எளிய உணவு. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போனது. பிறகு விருப்பம்போல் சாப்பிட அனுமதி கிடைத்தபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அப்துல் டுல்லூ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிவேடுகளை மீண்டும் ஆராய்ந்தார்கள். கொழுப்பு வேகமாகப் பழைய அளவைத் தொட்டுவிட்டது, தசை பின்தங்கியது. தசை பழைய அளவுக்கு வரும்வரை மிகைப்பசி நீடித்தது. அந்த இடைவெளியில் சாப்பிட்டதெல்லாம் கொழுப்பாகச் சேர்ந்து, முன்பிருந்ததைவிட அதிகமானது. அவர்கள் ஒல்லியான, ஆரோக்கியமான ஆண்கள். உடல் பருமன் உள்ளவருக்கு இது அதே அளவில் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கிராஷ் டயட்டுக்குப் பின் எழும் அடங்காத பசிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

வயதானவர்களுக்கு நஷ்டம் இன்னும் கூடுதல். மாதவிடாய் நின்ற பெண்களிடம் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ கொழுப்பு குறையும்போது தசை உள்ளிட்ட திசுவில் 260 கிராம் குறைந்தது. பின்னர் ஒரு கிலோ கொழுப்பு திரும்பியபோது வந்து சேர்ந்தது 120 கிராம் மட்டுமே. எடைக் கருவியில் பழைய எண்ணே தெரிந்தாலும், அந்த உடலில் கொழுப்பு கூடி, தசை குறைந்திருக்கிறது.

வேகம் மட்டுமே குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 200 பேரில் ஒரு பகுதியினர் 12 வாரங்களிலும், மற்றவர்கள் 36 வாரங்களிலும் எடையைக் குறைத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பினருக்கும் போன எடையில் சுமார் 71 சதவீதம் திரும்பியிருந்தது. ஆனால் அங்கே வேகமாகக் குறைத்தவர்கள் உண்டது புரதம் சேர்த்துத் தயாரித்த மாற்று உணவு. அதுவும் நிபுணர்களின் கண்காணிப்பில். பழச்சாற்றோடு ஒரு வாரம் தள்ளுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. எடை குறைந்த பிறகான மாதங்களில் என்ன சாப்பிடுவது என்ற திட்டம் இல்லாவிட்டால், மெதுவாகக் குறைத்த எடையும் திரும்பும் என்பதே அந்த ஆய்விலிருந்து தெரியவருவது.

போவது எது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். முதல் நான்கைந்து நாட்களில் இறங்குவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது. அதன் பிறகு தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிட வேண்டும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்புச் சுற்றளவையும் குறித்து வரலாம். எடை வேகமாக இறங்கியும் சுற்றளவு அசையவில்லை என்றால் போனது பெரும்பாலும் தண்ணீர். வழக்கமாக ஏறும் மாடிப்படியில் கால் சோர்ந்தாலோ, தூக்கிப் பழகிய தண்ணீர்க் குடம் கனத்தாலோ தசை போகிறது என்று சந்தேகிக்கலாம். முட்டை, பருப்பு, மீன், தயிர், சுண்டல் போன்றவற்றால் புரதத்தைக் கூட்டி, எடை தூக்கும் பயிற்சியைச் சேர்த்தால் அந்த இழப்பு குறையும். ஜிம்களிலும் கடைகளிலும் உள்ள கொழுப்பு அளக்கும் கருவிகளை இந்த நாட்களில் நம்ப முடியாது. அவை உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்கு ஏற்படும் தடையை வைத்துக் கணக்கிடுகின்றன; உடலில் தண்ணீர் குறைந்தாலே அந்தக் கணக்கு தவறிவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரையோ அழுத்தமோ சட்டென்று இறங்கி மயக்கம் வரை போகலாம். மருந்தின் அளவை மாற்றிய பிறகே அவர்கள் உணவைக் குறைக்கத் தொடங்க வேண்டும்.