ஆராய்ச்சிச் சுருக்கம்: எண்பது காசின் கதை

சந்தை ஆராய்ச்சிக் கட்டுரை எதனையும் எடுத்துப் பார்த்தால், தலைப்புக்கும் கட்டுரைக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு சிறு பத்தி நிற்கும். அதனைச் சுருக்கம் என்பர். முப்பது பக்கக் கட்டுரையைப் படிப்போர் சிலரே. அச்சிறு பத்தியை மட்டும் படித்துவிட்டு, கட்டுரையை நாடுவதா விடுவதா என்று முடிவு செய்வோர் பலர். அங்ஙனம் இருந்தும், ஆராய்ச்சியில் ஈராண்டு செலவிட்டவர்கூடச் சுருக்கத்தை அரைமணி நேரத்தில் எழுதிமுடித்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அதன் விளைவு பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

“அரசு மக்களுக்கு வழங்கும் பணவுதவியின் விளைவுகளை இக்கட்டுரை விரிவாக ஆராய்கிறது. பெருந்தொகையான தரவுகள் சிறந்த புள்ளியியல் முறைகளால் பகுத்தாயப்பட்டன. பயனுள்ள பல முடிவுகள் கிடைத்துள்ளன. அவற்றால் விளையும் நன்மைகள் இறுதியில் விவாதிக்கப்படுகின்றன.”

நோக்கம், முறை, முடிவு, பயன் ஆகிய நான்கும் இதில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் முதல் வரியிலுள்ள ‘பணவுதவி’ என்னும் சொல்லை எடுத்துவிட்டு ‘சவர்க்கார விளம்பரம்’ என்று இட்டுப் பார்க்க. மற்ற மூன்று வரிகளும் ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே பொருந்திவிடும். எந்த ஆராய்ச்சிக்கும் பொருந்தும் வரி, இந்த ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதே பொருள். வெற்றுச் சுருக்கத்தை அறிந்துகொள்ள இதனினும் எளிய சோதனை வேறில்லை.

நான்கு உறுப்புகளையும் தனித்தனித் தலைப்பிட்டு எழுதவேண்டும் என்னும் வழக்கம் முதலில் மருத்துவ ஏடுகளில்தான் தோன்றியது. 1987-இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்று அதனைத் தொடங்கிவைத்தது. வணிகத்துறைக்கு அது பின்னரே வந்தது. ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்’ முதலிய இதழ்களை வெளியிடும் எமரால்டு நிறுவனம் 2005 முதல் இம்முறையைக் கைக்கொண்டது. தலைப்புகள் இருப்பதால் எந்த உறுப்பும் மறந்து விடுபடாது என்பது உண்மையே. எனினும் தலைப்பின் கீழே வெற்று வரியை எழுதுவதை எந்தத் தலைப்பும் தடுப்பதில்லை.

மேலே கண்ட வெற்றுச் சுருக்கத்துக்கு உரிய பொருள் கற்பனையன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுமித் அகர்வால், வென்லான் சியென் ஆகிய இருவரும் 2014-இல் ‘அமெரிக்கன் இகனாமிக் ரிவியூ’ இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி அத்தகைய பணவுதவி பற்றியதே. 2011 பிப்ரவரி 18-ஆம் நாள் வரவுசெலவுத் திட்டத்தில் சிங்கப்பூர் அரசு வளர்ச்சி ஈவுத்தொகை ஒன்றை அறிவித்தது. வயதுவந்த குடிமக்களுக்குத் தத்தம் நிலைக்கேற்ப 100 வெள்ளி முதல் 900 வெள்ளி வரை ஒருமுறை வழங்கப்படும் என்பது அறிவிப்பு. பணம் ஏப்ரல் இறுதியில் கொடுக்கப்பட்டது. மக்கள் அப்பணத்தை என்ன செய்தனர்? செலவிட்டனரா, சேமித்தனரா, எப்போது செலவிட்டனர்? பொருளியலார் கேட்ட கேள்வி இது. கடைக்காரருக்கும் இதே கேள்விதான். ஆதலின் சுருக்கம் எழுதிப் பழகுவதற்கு இது நல்ல பொருள்.

நோக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். “விளைவுகளை ஆராய்தல்” என்பது நோக்கம் ஆகாது. அது துறையின் பெயர். விடை கூறத்தக்க கேள்வியாக எழுதினால்தான் அது நோக்கம். எதிர்பாராது வந்த ஒருமுறைப் பணத்தில் எத்தனை பங்கு, எந்தக் காலத்தில் செலவாகிறது என்பதே இங்குக் கேள்வி. ‘எதிர்பாராது’ என்னும் சொல் அணிக்காக வைக்கப்பட்டதன்று. பணம் வரும் என்று ஆறு மாதம் முன்பே ஒருவர் அறிந்திருந்தால், அவர் முன்பே செலவிடத் தொடங்கியிருப்பார். அப்போது முன், பின் என்று பிரித்து ஒப்பிடுவதில் பொருளில்லை. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஆராய்ச்சியின் அடித்தளமே சுருக்கத்திலிருந்து மறைந்துவிடும்.

முறையில்தான் பலர் வழுக்குகின்றனர். எத்தனை பேர், எந்தக் கணினி முறை என்பவற்றை அடுக்குவார்கள். ஆனால் படிப்பவர் அறிய விரும்புவது வேறு: பணம்தான் செலவை உயர்த்தியது என்று எப்படிச் சொல்கிறீர்? 2011 மே இறுதியில் மாபெரும் சிங்கப்பூர் விற்பனை தொடங்கியது. அப்போது எல்லாருமே கடைக்குப் போயிருப்பார்கள். ஈவுத்தொகை பெற்றவரின் செலவை முன்னும் பின்னும் மட்டும் ஒப்பிட்டால், தள்ளுபடி விற்பனையின் விளைவும் ஈவுத்தொகையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இவ்வாய்வாளர்கள் கண்ட வழி எளிமையானது. ஈசூனில் ஏதேனும் ஒரு புளோக்கை எடுத்துக்கொள்க. ஒரு கதவுக்குள் சிங்கப்பூர்க் குடும்பம். அடுத்த கதவுக்குள் வேலைநிமித்தம் வந்து வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவர். இருவரும் ஒரே பேரங்காடிக்குப் போகிறார்கள். ஒரே தள்ளுபடியைக் காண்கிறார்கள். ஈவுத்தொகையோ குடிமகனுக்கு உண்டு, வெளிநாட்டவருக்கு இல்லை. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: குடிமகனின் மாத அட்டைச் செலவு 500 வெள்ளியிலிருந்து 540 ஆகிறது, வெளிநாட்டவருடையது 600-இலிருந்து 615 ஆகிறது. உயர்வு முறையே 40, 15. பின்னவருக்கு ஈவுத்தொகை கிடைக்காததால் அந்த 15 பொதுக் காரணங்களால் வந்தது. எஞ்சிய 25 வெள்ளியே ஈவுத்தொகைக்கு உரியது. ஒரு பெரிய வங்கியின் வாடிக்கையாளர் கணக்குகளை வைத்து இத்தகைய ஒப்பீட்டை அவர்கள் செய்தனர்.

இவ்வளவும் சுருக்கத்தில் ஒரே வாக்கியமாக வேண்டும்: தொகை பெற்ற குடிமக்களின் செலவும் பெறாத வெளிநாட்டவரின் செலவும் அறிவிப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப்பட்டன. அச்சான ஆங்கிலச் சுருக்கத்தில் இவ்வாக்கியம் இல்லை. அவ்விதழ் நூறு சொல்லுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதையும், தலைப்பிலேயே இஃது இயற்கைச் சோதனை என்று குறித்திருப்பதையும் கருதினால் அதனைப் பெருங்குறை என்பதற்கில்லை. பொருளியலார் தலைப்பைக் கொண்டே ஊகித்துக்கொள்வர். விற்பனைத்துறை வாசகருக்கு அந்த ஊகம் எளிதன்று.

அடுத்தது முடிவு. அறிவிப்பை அடுத்த பத்து மாதங்களில், பெற்ற ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 80 காசு செலவிடப்பட்டது. ‘கணிசமாக உயர்ந்தது’ என்று எழுதுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சொல்லாமலே விளங்கும். ஆனால் எண் தனியே நிற்கலாகாது. ‘பத்து மாதம்’ என்பதை விட்டுவிட்டால், பணம் கிடைத்த கையோடு எண்பது காசு கரைந்ததாகப் பொருள்படும். ‘சராசரியாக’ என்பதை விட்டுவிட்டால், எல்லாரும் ஒருபடித்தாக நடந்ததாகப் பொருள்படும். உண்மையில், கையிருப்புக் குறைந்தவரும் கடன் அட்டை வரம்பு குறைந்தவரும் மற்றவரினும் மிகுதியாகவே செலவிட்டனர். இன்னொரு வியப்பும் உண்டு. அந்தச் செலவில் 19 விழுக்காடு, அறிவிப்பை அடுத்த முதல் இரு மாதங்களில், அஃதாவது பணம் கைக்கு வருமுன்பே, கடன் அட்டை வழியாக நடந்துவிட்டது. பணம் வந்தபின் மக்கள் பற்று அட்டைக்கு மாறி, பிற்காலத்தில் மீண்டும் கடன் அட்டைக்குத் திரும்பினர்.

பயனுரைப்பதே நான்கினுள் அரிது. புகழ்பெற்ற ஆய்வாளர்களும் இங்கே நழுவியதுண்டு. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் கலிபோர்னியக் கடையொன்றில் பழப்பாகு வகைகளை வைத்து நடத்திய சோதனையைப் பலர் அறிவர். 24 வகை வைத்தபோது அங்கு நின்றவருள் 3 விழுக்காட்டினரும், 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினரும் வாங்கினர். 2000-இல் வெளிவந்த அக்கட்டுரையின் சுருக்கம் மிகத் தெளிவானது. ஆயினும் அதன் கடைசி வரி, வருங்கால ஆராய்ச்சிக்கான பயன்கள் விவாதிக்கப்படுகின்றன என்பதோடு நின்றுவிடுகிறது. என்ன பயன், எந்த எல்லைக்குள் என்று கூறவில்லை. அவர் கூறாத எல்லையைப் பிறரும் மதிக்கவில்லை. வகை குறைந்தால் விற்பனை உயரும் என்று ஊரெங்கும் பேசப்பட்டது. அத்தகைய ஐம்பது சோதனைகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஆய்வு, சராசரி விளைவு ஏறத்தாழச் சுழியே எனக் கண்டது.

ஈவுத்தொகை ஆய்விலிருந்து கடைக்காரர் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. பணம் வழங்கும் நாளை எதிர்நோக்கிச் சரக்கை அடுக்குவது காலந்தாழ்ந்த செயல். அறிவிப்பு நாளிலேயே தேவை அசையத் தொடங்குகிறது. ஆனால் இது யாருக்குப் பொருந்தும்? ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளரை நம்பிக் கடை நடத்துபவருக்குப் பொருந்தாது. அவர்தம் வாடிக்கையாளர் ஈவுத்தொகை பெறாதவர். தேக்காச் சந்தையில் ரொக்கம் கொடுத்து வாங்கும் மீனும் காய்கறியும் அட்டைக் கணக்கில் வாரா. 2021 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 100 வெள்ளிப் பற்றுச்சீட்டுகளுக்கும் இந்த 80 காசைப் பொருத்தலாகாது. அவை பணமல்ல, குறித்த கடைகளில் மட்டுமே செல்லுபடியாகும், வங்கியில் இட்டுச் சேமிக்க இயலாது.

இவற்றையெல்லாம் கருதி, அவ்வாராய்ச்சிக்குத் தமிழில் ஒரு சுருக்கம் இவ்வாறு அமையலாம். முதற்கண் உள்ள மூன்று உறுப்புகளும் ஆய்வாளர்களுடையவை. பயன் மட்டும் விற்பனையாளரை நோக்கி இங்குச் சேர்க்கப்பட்டது.

“எதிர்பாராது கிடைக்கும் ஒருமுறைப் பணத்தில் எவ்வளவு, எப்போது செலவாகிறது என்பதை அறிவதே இவ்வாய்வின் நோக்கம். சிங்கப்பூர் அரசு 2011 பிப்ரவரியில் அறிவித்து ஏப்ரல் இறுதியில் வழங்கிய ஈவுத்தொகையைக் கொண்டு, ஒரு வங்கியின் வாடிக்கையாளருள் அதனைப் பெற்ற குடிமக்களின் அட்டைச் செலவும் பெறாத வெளிநாட்டவரின் அட்டைச் செலவும் அறிவிப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப்பட்டன. அறிவிப்பை அடுத்த பத்து மாதங்களில், பெற்ற ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாக 80 காசு செலவாயிற்று. இதில் 19 விழுக்காடு பணம் வருமுன்பே கடன் அட்டை வழி நிகழ்ந்தது. கையிருப்போ கடன் வரம்போ குறைந்தவரிடம் விளைவு மிகுதி. ஆகவே குடிமக்களை வாடிக்கையாளராகக் கொண்ட விற்பனையாளர், அறிவிப்பு நாளிலிருந்தே தேவை உயர்வை எதிர்பார்க்கலாம். ரொக்கச் செலவு இவ்வாய்வில் அடங்காது.”

இச்சுருக்கம் தமிழில் நூறு சொல்லுக்குள் எளிதில் அடங்குகிறது. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் பெயரோடு ஒட்டிவிடுவது தமிழுக்குள்ள வசதி. இதையே ஆங்கிலத்தில் பெயர்த்தால் நூறைத் தாண்டிவிடும். இதழின் வரம்புக்காக ஏதேனும் வெட்டவேண்டி நேரும். அப்போது முதலில் போகத்தக்கது மாதங்களின் பெயர். அடுத்து, கடன் வரம்பு பற்றிய குறிப்பு. வெளிநாட்டவரோடு ஒப்பிட்டது என்னும் சொற்களையும், பத்து மாதம் என்பதையும் கடைசி வரை வைத்திருக்க வேண்டும்.