எட்டு மாதக் குழந்தைக்கு 102 டிகிரி: பல்தான் காரணமா?

எட்டு மாதப் பெண் குழந்தை. இரண்டு நாளாக 102 டிகிரி காய்ச்சல். சளியும் இல்லை, இருமலும் இல்லை. ஜொள்ளு ஒழுகுகிறது, கீழ் ஈறு தடித்திருக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், “பல்லு முளைக்குது, அந்தச் சூடுதான்” என்கிறார்கள். இப்படிப்பட்ட குழந்தையின் சிறுநீரைப் பரிசோதித்தால் சில சமயம் கிருமித்தொற்று தெரியவரும்.

பல் முளைக்கும்போது உடம்பு லேசாகக் கதகதக்கலாம். ஆனால் காய்ச்சல் என்று மருத்துவர்கள் கணக்கிடும் 100.4 டிகிரியை அது எட்டுவதில்லை. எட்டினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பேதியும் அப்படித்தான். பல்லின் மீது பழி விழுவது வயதுப் பொருத்தத்தால். ஆறு மாதத்தை ஒட்டி முதல் பல் வருகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குறைவதும், தவழ்ந்து கண்டதை வாயில் வைப்பதும் அதே சமயத்தில்தான்.

சிறுநீர்த் தொற்றில் இந்த வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்று மட்டுமே தெரியலாம். கூடவே பால் குடிக்காமல் சிணுங்கலாம், வாந்தி எடுக்கலாம். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலிலுள்ள கிருமிகள் கலந்துவிடும். அதனால் சுத்தம் செய்துவிட்டு, பெய்யும்போதே பிடிக்கச் சொல்வார்கள், அல்லது மெல்லிய குழாய் வழியாக எடுப்பார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடும். பல் என்று நினைத்துத் தள்ளிப்போட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும். எனக்கு வருத்தம் தருவது இந்தத் தாமதம்தான்.

காய்ச்சல் இல்லாத வெறும் பல் வலிக்கு எளிய வழிகளே போதும். கையை நன்றாகக் கழுவி, ஈறை விரலால் மெதுவாக அழுத்தித் தேய்க்கலாம். நனைத்த சுத்தமான துணியையோ கடிக்கும் வளையத்தையோ ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுக்கலாம். ஃபிரீசரில் வேண்டாம், உறைந்தால் ஈறு புண்ணாகும். ஜொள்ளை ஒற்றி எடுத்துவிட்டுத் தாடையில் கொஞ்சம் வாசலின் தடவினால் தடிப்பு வராது. ஒரு வயதுக்குள் தேன் தடவக் கூடாது. அதிலுள்ள கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடலாம். பென்சோகெயின் கலந்த மரத்துப்போக வைக்கும் ஜெல், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடலாம் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்தது. கழுத்தில் மாட்டும் மணிமாலையும் வேண்டாம், இறுக்கிவிடும்.

பாரசிட்டமால் கொடுக்க நேர்ந்தால் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேளுங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் மருந்து பல மடங்கு கூடிவிடும்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதானாலும், எழுப்பினாலும் சோர்ந்தே கிடப்பது, பால் குடிக்காதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சு வாங்குவது, வலிப்பு வருவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.