சித்திரை வெயிலில் பந்தி போடுவோர் கவனத்துக்கு

கோடை வந்தால் குலதெய்வக் கோயில் பொங்கல், காதணி விழா, திருவிழா அன்னதானம் என்று தோப்பிலும் கொட்டகையிலும் பந்தி நடக்கும். சாப்பிட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு அரசு மருத்துவமனையில் சேர்ந்தார்கள் என்ற செய்தியும் கூடவே வரும். அப்புறம்தான் அதிகாரிகள் வந்து மிச்சத்தை எடுத்துக் கொட்டுவார்கள். முன்கூட்டியே யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. விழா நடத்துகிறவர்களும் குளிர்சாதன மண்டபத்தில் போட்ட அதே பட்டியலைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோப்பில் போடுகிறார்கள்.

வழக்கமாக நடப்பதை எடுத்துக்கொள்வோம். காதணி விழா, 300 பேர். சமையல் ஊரில், விழா 20 கிலோமீட்டர் தள்ளிக் கோயில் தோப்பில். விடியற்காலை 4 மணிக்குச் சோறு, சாம்பார், தேங்காய் போட்ட பொரியல், தயிர்சாதம், பால் பாயசம் எல்லாம் தயார். 8 மணிக்கு வண்டியில் ஏறுகின்றன. காது குத்தி முடிய 12 மணி. தாய்மாமன் சீர் வரத் தாமதமானால் முதல் பந்தி ஒன்றரைக்கு. கடைசிப் பந்தி மூன்றுக்கு. ஆக, சமைத்த உணவு பதினொரு மணி நேரம் அண்டாவிலேயே இருந்திருக்கிறது.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் அந்த வெதுவெதுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பாதுகாப்பான கணக்கு. சோற்றில் வாழும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதிநீரிலும் சாகாது. சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு பின்னால் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. பரிமாறுகிறவர் கைப்புண்ணிலிருந்து இறங்கும் கிருமியின் நஞ்சும் அப்படித்தான். எனவே “ஒரு கொதி விட்டுட்டா சரியாயிடும்” என்று சமையல்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வாடை வரவில்லை, நூல் விடவில்லை என்பதும் சான்றல்ல. ஊசிப்போனது மூக்குக்குத் தெரியும், நஞ்சு தெரியாது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? நல்ல புளிப்பு, அல்லது ஈரமே இல்லாத மொறுமொறுப்பு, அல்லது கடைசிவரை அடுப்பிலேயே இருப்பது. இந்த மூன்றில் ஒன்றிலாவது சேராத பதார்த்தம் வேண்டாம்.

புளியோதரை முதல் இடம். புளிப்பில் அந்தக் கிருமிகள் தலைதூக்க முடிவதில்லை. ஆனால் நிறத்துக்காகப் புளி காட்டினால் போதாது. ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளியாவது வேண்டும். 15 கிலோவுக்கு இரண்டே கால் கிலோ. புளிக்காய்ச்சலை முதல் நாளே எண்ணெய் பிரியக் காய்ச்சி வைக்கலாம். சோற்றை மட்டும் அன்று காலை வடித்து, அகலமான தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து உடனே கலக்க வேண்டும். ஒரு பருக்கைகூட வெள்ளையாகத் தெரியக்கூடாது. சுடச்சுட அண்டாவில் அமுக்கி மூடினால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், மூடியில் வியர்த்த தண்ணீர் மேலே சொட்டும். வெங்காயமும் தேங்காயும் சேர்க்க வேண்டாம். காலைப் பலகாரத்துக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி போதும்; தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தொட்டுக்கொள்ள ஊறுகாய், தக்காளித் தொக்கு, வற்றல், அப்பளம். பால் பாயசத்துக்குப் பதில் அதிரசமோ லட்டோ வைக்கலாம்.

தயிர்சாதத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். புளித்துவிடுமே என்று பயந்து பாலை நிறைய ஊற்றி, பேருக்கு ஒரு கரண்டி தயிர் விடுகிறார்கள். புளிப்புதான் காவல். அதைக் குறைத்துவிட்டால் மிஞ்சுவது வெயிலில் கிடக்கும் பாற்சோறு. தயிரைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோய், பந்திக்குப் பந்தி 50 பேருக்கு மட்டும் அங்கேயே கலக்குங்கள். சோற்றையும் அங்கேயே வடிக்க வேண்டும். முடியாதென்றால் தயிர்சாதத்தை விட்டுவிடுங்கள். மோரில் போடும் ஐஸ் உண்ணத்தக்கதா என்றும் கேளுங்கள். உண்ணத்தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி. வெள்ளையாக இருப்பதாலேயே அது நல்ல ஐஸ் என்று ஆகிவிடாது. வாங்கும் இடத்தில் உரிமம் கேட்க வேண்டும்.

சாம்பாரும் ரசமும் கட்டாயம் வேண்டுமென்றால் தோப்பிலேயே அடுப்பு மூட்டுங்கள். பருப்பையும் அரைத்த மசாலாவையும் முந்தின இரவே வேகவைத்து அண்டாவில் விடாதீர்கள். பெரிய அண்டா மெதுவாகத்தான் ஆறும். அந்த மெதுவே ஆபத்து. கடைசிப் பந்திவரை சாம்பாரும் ரசமும் ஆவி பறக்க இருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு உணவு வெப்பமானி கிடைக்கிறது. அண்டாவின் நடுவில் குத்திப் பாருங்கள், 60க்குக் கீழே இறங்கினால் அடுப்பைத் தூண்டுங்கள். எப்போதோ ஆறிக் கிடந்ததை மறுபடி சூடாக்கி ஊற்றாதீர்கள். இதை மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் பந்தியில் சாம்பார் தீரும் நேரத்தில் இது எல்லாருக்கும் மறந்துபோகும்.

இனிக் காகிதம். சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் கொடுக்கும் முன் அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைக் கேளுங்கள். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் பதிவு. foscos.fssai.gov.in தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பெயரும் செல்லுபடியும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பில் வாங்குங்கள், 2022 சனவரி முதல் பில்லில் அந்த எண் இருந்தாக வேண்டும். பதார்த்தங்களின் பெயர், அளவு, சமைத்து முடிக்கும் நேரம், ஒப்படைக்கும் நேரம் நான்கையும் அதில் எழுதச் சொல்லுங்கள். “நம்ம ஆளுதானே” என்று வாய்ப்பேச்சில் முடித்தவர்கள் பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள். அன்னதானம் போடும் விழாக் குழுவினரும் அதே தளத்தில் பதிவு பெற வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இதைக்கூடச் செய்யாமல் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னம் வழங்குவது அலட்சியம்.

பந்தி தொடங்கும் முன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கைப்பிடி அளவு சுத்தமான டப்பாவில் எடுத்து, நேரம் எழுதி, குளிர்பெட்டியில் 48 மணி நேரம் வையுங்கள். உறைய வைக்காதீர்கள். யாருக்காவது வாந்தி வந்தால் 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதை மருத்துவரிடம் சொல்லி, சீட்டில் உணவு நஞ்சு என்ற ஐயத்தைப் பதியச் செய்யுங்கள். பயத்தில் மிச்சத்தைக் கொட்டி அண்டாவைக் கழுவிவிடுவதுதான் ஊர் வழக்கம்; கழுவினால் சோதிக்க எதுவும் இருக்காது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதுங்கள், அல்லது துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படத்தோடு புகார் அனுப்புங்கள். எழுத்துப்பூர்வ ஒப்புகை கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் புகாரைப் பிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆவது பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு: மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு ஒரு லட்சம் வரை. அதைக் கேட்கப் போகும்போது பில், மருத்துவச் சீட்டு, புகாரின் ஒப்புகை, சோதனை அறிக்கை நான்கும் கையில் இருக்கட்டும்.