இரவல் போன வண்டி அடிபட்டு வந்தால்…

நண்பர் வாங்கிப்போன ஸ்கூட்டர், முன்பக்க பேனல் உடைந்து, பிரேக் லீவர் வளைந்து வந்து நிற்கிறது. முதலில் கேட்க வேண்டியது, "உனக்கு அடி எதுவும் படலையே?" என்பதுதான். பணப் பேச்சை அன்றே எடுக்க வேண்டாம். வண்டியை மட்டும் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டி, எதற்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். மொத்தம் 3,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏற்கெனவே தேய்ந்திருந்த பிரேக் ஷூவுக்கான 500 ரூபாய் உங்கள் செலவு. மீதி 2,700 ரூபாய்தான் விழுந்ததால் வந்தது. இப்படிப் பிரித்துக் காட்டினால் சண்டைக்கு இடமிருக்காது.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பார். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்குப் பணம் வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், சின்னத் தொகைக்கு க்ளெய்ம் செய்தால் புதுப்பிக்கும்போது கிடைக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' தள்ளுபடி போய்விடலாம்.

தனியாக இருக்கும்போது பேசுங்கள்: "மச்சான், விழுந்ததுக்கு 2,700 ஆகுது. நீ எவ்வளவு போடுற? மொத்தமா முடியலைன்னா ரெண்டு மாசமாக் கொடு." வாட்ஸ்அப் குரூப்பில் ஜாடை பேசாதீர்கள். தொகையும் தேதியும் முடிவான பிறகே வண்டியைப் பட்டறையில் விடுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் பேரம்தான் மிஞ்சும்.